இரண்டு முட்டை ஆம்லெட், வேகவைத்த முட்டை, முட்டைக் குழம்பு: குன்னூர் அடுப்படியிலிருந்து ஒரு கணக்கு

எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி ராணுவத் தேர்வுக்காக உடம்பைத் தயார் செய்துகொண்டிருக்கிறான். விடியற்காலையில் வெலிங்டன் பக்கம் ஓடிவிட்டு வந்து, இரண்டு முட்டையில் ஆம்லெட் போட்டுச் சாப்பிடுவான். முன்பு ஒரு முட்டையை வேகவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் ஏன் மாறினான் என்று கேட்டேன். "அக்கா, வேகவைத்த முட்டையில் 6 கிராம்தான் புரதம். ஆம்லெட்டில் 12 கிராம்" என்றான். அவன் சொன்ன இரண்டு எண்களும் சரிதான். ஆனால் ஒரு முட்டையையும் இரண்டு முட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசத்துக்கு ஆம்லெட்டைக் காரணமாக்கிவிட்டான்.

உணவைக் கணக்கிடத் தொடங்கும் பலர் முதலில் தடுக்கி விழும் இடம் இது. புரதம், கொழுப்பு, மாவுச்சத்து என்ற மூன்றையும் மேக்ரோ என்று சேர்த்துச் சொல்கிறார்கள். முட்டையைப் பொறுத்தவரை இந்த மூன்றும் சமைக்கும் முறையால் ஏறக்குறைய மாறுவதே இல்லை. மாறுவதெல்லாம் முட்டையோடு சேர்ந்து தட்டுக்கு வரும் எண்ணெயும் குழம்பும்தான். அவற்றை எப்படி அளப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். 1 கிராம் வரை காட்டும் சாதாரண டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் போதும்.

முதலில் முட்டையை மட்டும் நிறுங்கள்

நாமக்கல்லிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக மலையேறி வரும் பண்ணை முட்டைகள் எல்லாம் ஒரே எடையில் இருப்பதில்லை. கடையில் வாங்கிய ஆறு முட்டைகளைத் தராசில் வைத்தால் 50 கிராமிலிருந்து 60 கிராம் வரை ஏற்ற இறக்கமாக இருக்கும். அந்த எடையில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக ஓடு போய்விடும். 55 கிராம் முட்டை என்றால் உண்ணும் பகுதி சுமார் 48 கிராம். நாட்டுக்கோழி முட்டை இதைவிடச் சிறியது. அதை ஒரு முழு முட்டை என்று எழுதிக்கொள்வதைவிட, உடைத்து ஊற்றிய பின் கிண்ணத்தோடு நிறுத்துப் பார்ப்பது நல்லது.

ஓடு நீக்கிய பச்சை முட்டை 100 கிராமில் 143 கலோரி, 12.6 கிராம் புரதம், 9.5 கிராம் கொழுப்பு, ஒரு கிராமுக்கும் குறைவான மாவுச்சத்து இருக்கின்றன. இதை வைத்துக் கணக்கிட்டால் 48 கிராம் வீதம் இரண்டு முட்டைகளில் 137 கலோரி, 12 கிராம் புரதம், 9 கிராம் கொழுப்பு. இந்த மூன்று எண்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முடியும் வரை இவை மாறப்போவதில்லை.

அட்டவணைகளைப் பார்ப்பவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். வேகவைத்த முட்டைக்கு 100 கிராமுக்கு 155 கலோரி என்று தனியாக ஒரு வரி இருக்கும். பச்சை முட்டைக்கு 143, வெந்ததற்கு 155 என்றால் கொதிக்கும் தண்ணீரிலிருந்து 12 கலோரி எப்படி வந்தது? வரவில்லை. அவை தனித்தனி மாதிரிகளை எடுத்து அளந்த எண்கள். பச்சையாக இருந்தபோது 48 கிராமாக இருந்த முட்டை, வெந்த பிறகும் அதே புரதத்தையும் அதே கொழுப்பையும்தான் வைத்திருக்கிறது. ஆம்லெட்டுக்குப் பச்சை வரியையும், வேகவைத்ததற்கு வெந்த வரியையும் எடுத்து ஒப்பிட்டால் இல்லாத வித்தியாசம் ஒன்று கணக்கில் நுழைந்துவிடும். நான் எப்போதும் பச்சை எடையையே எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் எதை எடுத்தாலும் அதிலேயே நில்லுங்கள்.

மலையில் முட்டை வேகும் நேரம்

வேகவைத்த முட்டையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் சமவெளியிலிருந்து புதிதாக இங்கே குடிவந்தவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் இன்னும் ஒன்றிரண்டு டிகிரி குறைவு. குமிழி பொங்குவதைப் பார்த்து, கோயம்புத்தூரில் பழகியபடி 9 நிமிடத்தில் இறக்கினால், மஞ்சள் கருவின் நடுவில் அடர்ந்த ஆரஞ்சு நிறத்தில் ஒட்டும் பசைபோல ஒரு வட்டம் நிற்கும். குளிர்ந்த தண்ணீரிலேயே முட்டையைப் போட்டு, கொதி வந்த பிறகு 12 அல்லது 13 நிமிடம் விடுங்கள். வெட்டிப் பார்த்தால் மஞ்சள் கரு ஒரே வெளிர் நிறத்தில், உதிரும் பதத்தில் இருக்க வேண்டும். ஜனவரிக் குளிரில் வெளியே கிடந்த முட்டையைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் ஓடு வெடித்து வெள்ளைக் கரு வெளியேறிவிடும். அப்படிப் போனது தட்டுக்கு வராது. அது புரதக் கணக்கில் குறைய வேண்டும்.

உரிக்கும்போதும் இதே கவனம் தேவை. மிகப் புதிய முட்டையில் வெள்ளைக் கரு ஓட்டோடு பிய்ந்து வரும். 5 கிராம் வெள்ளைக் கரு ஓட்டில் ஒட்டிப் போனால் சுமார் அரை கிராம் புரதம் குறையும். ஒரு நாளைக்கு அது பெரிதில்லை. கடையில் வாங்கி நான்கைந்து நாள் ஆன முட்டையை வேகவைப்பதற்கும், அன்று வாங்கியதை ஆம்லெட்டுக்கும் வைத்துக்கொள்வது எங்கள் வீட்டுப் பழக்கம்.

ஆம்லெட்: எண்ணெயை எப்படி நிறுப்பது

இப்போது தம்பியின் ஆம்லெட்டுக்கு வருவோம். இரண்டு முட்டை, 30 கிராம் நறுக்கிய வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், உப்பு. வெங்காயத்துக்கு 12 கலோரி. மிளகாயைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை. ஆக, எண்ணெய்க்கு முன்பு கிட்டத்தட்ட 150 கலோரி. "எண்ணெய் எவ்வளவு ஊற்றுகிறாய்?" என்று கேட்டேன். "இரண்டே இரண்டு டீஸ்பூன், அக்கா" என்றான்.

டீஸ்பூன் என்று ஏட்டில் சொல்வது 5 மில்லி. எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது என்பதால் அது 4.5 கிராம்தான் இருக்கும். எந்தச் சமையல் எண்ணெயும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. எனவே ஒரு டீஸ்பூனுக்கு 40, இரண்டுக்கு 80. தம்பி தன் குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதியிருந்தான். மொத்தம் 230 கலோரி.

அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அது டிசம்பர் மாதக் காலை. அவர்கள் வீட்டில் தேங்காய் எண்ணெயில்தான் சமையல். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். குன்னூர் அடுப்படியில் டிசம்பரில் அது ஊற்றும் பதத்தில் இருப்பதே அபூர்வம். அகல வாய் டப்பாவிலிருந்து வெண்ணெய்போல உறைந்து கிடந்த எண்ணெயை அவன் கரண்டியால் தோண்டி எடுத்தான். கரண்டியின் மேல் அது ஒரு சிறு குன்றாக நின்றது. தோசைக்கல்லில் போடுவதற்கு முன்பு தராசில் வைத்தோம். ஒரு கரண்டியில் 9 கிராம் இருந்தது. இரண்டு கரண்டிக்கு 18 கிராம், 162 கலோரி. 230 என்று அவன் எழுதிய ஆம்லெட் உண்மையில் 310 கலோரியை எட்டியிருந்தது. புரதம் அதே 12 கிராம்தான். கொழுப்பு மட்டும் 18 கிராமுக்குப் பதிலாக 27 கிராம் ஆகிவிட்டது.

உருகிய எண்ணெய் கரண்டியின் விளிம்போடு நின்றுவிடும், மிகுந்தால் வழிந்துவிடும். அதனால் கரண்டி அளவு ஓரளவு நம்பத்தக்கது. உறைந்த எண்ணெய் வழியாது, குவியும். மலையில் இருப்பவர்கள் கரண்டிக் கணக்கைக் கைவிட்டுத் தராசுக்கு மாற வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அதே தம்பி மே மாதம் கோயம்புத்தூரில் இதே கரண்டியால் இதே எண்ணெயை எடுத்திருந்தால் கணக்கு சரியாக வந்திருக்கும்.

நிறுக்கும் முறை எளிது. எண்ணெய் டப்பாவையே தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். வேண்டிய எண்ணெயை எடுத்துவிட்டு மறுபடி டப்பாவை நிறுங்கள். குறைந்த எடைதான் நீங்கள் எடுத்த எண்ணெய். தோசைக்கல்லைத் தராசில் வைத்து அதன்மேல் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடுவதைச் சிலர் செய்கிறார்கள். விலை குறைந்த தராசுகள் பல, மெதுவாக ஏறும் ஒன்றிரண்டு கிராமைக் கண்டுகொள்ளாமல் அப்படியே நிற்கும். டப்பாவை நிறுப்பதில் அந்தச் சிக்கல் இல்லை.

அடுத்த கேள்வி, போட்ட எண்ணெய் முழுவதும் வயிற்றுக்குள் போகிறதா என்பது. நன்றாகப் பழகிய இரும்புத் தோசைக்கல்லில் 9 கிராம் எண்ணெயில் ஆம்லெட் போட்டு எடுத்தால் கல்லில் ஒரு மினுமினுப்பு மட்டும் மிஞ்சும். நுரைக்க அடித்த முட்டை பஞ்சுபோல எண்ணெயை இழுத்துக்கொள்கிறது. அதனால் போட்டது முழுவதையும் சாப்பிட்டதாகவே எழுதுங்கள். ஆம்லெட்டை எடுத்த பிறகும் எண்ணெய் கல்லில் குளமாகத் தேங்கி நின்றால் மட்டும், ஒரு காகிதத்தை முதலில் நிறுத்துக்கொண்டு, அதால் துடைத்து, மறுபடி நிறுங்கள். கூடிய எடையைக் கழித்துக்கொள்ளலாம். சூடான கல்லை நேரே தராசில் வைக்காதீர்கள். கண்ணாடித் தட்டு விரிசல் விடும், உள்ளே இருக்கும் உணர்கருவியும் கெடும்.

தம்பி இப்போது என்ன செய்கிறான் என்றால், இரவே 5 கிராம் எண்ணெயை நிறுத்து ஒரு சிறு கிண்ணத்தில் வைத்துவிடுகிறான். காலையில் கல் காய்ந்ததும் அந்தக் கிண்ணத்தைக் கல்லின் ஓரத்தில் ஒரு கணம் வைத்து உருகவிட்டு ஊற்றுகிறான். 5 கிராம் என்றால் 45 கலோரி. ஆம்லெட் முழுவதும் 195 கலோரிக்குள் முடிந்துவிடுகிறது. கல் நன்றாகக் காய்ந்திருந்தால் 5 கிராமுக்கே ஒட்டாமல் எழும்பும். ஒட்டினால் கல் காயவில்லை என்று பொருள். எண்ணெயைக் கூட்டாமல் இன்னும் ஒரு நிமிடம் காத்திருங்கள்.

குழம்பில்தான் உண்மையான சிக்கல்

ஆம்லெட்டை ஒருவர்தான் சாப்பிடுகிறார். போட்ட எண்ணெய் அவருடையது என்று எழுதிவிடலாம். குழம்பு அப்படியில்லை. ஒரு சட்டியில் கொதித்ததை நான்கு பேர் நான்கு அளவில் எடுத்துக்கொள்கிறார்கள், மிச்சம் மறுநாள் தோசைக்குப் போகிறது. யாருக்கு எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? மொத்தத்தை நான்கால் வகுத்துவிடலாம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது எவ்வளவு தவறாகப் போகும் என்பதை எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்த குழம்பைக் கொண்டே காட்டுகிறேன். அன்று தம்பியும் எங்களோடு சாப்பிட்டான்.

முதல் வேலை வெறும் சட்டியை நிறுப்பது. குழம்பு வைத்த பிறகு இதைச் செய்ய முடியாது என்பதால் இதை மறந்தால் எல்லாம் போயிற்று. எங்கள் சட்டி 640 கிராம். அந்த எண்ணை அலமாரிக் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒருமுறை எழுதிவிட்டால் அந்தச் சட்டி இருக்கும் வரை மறுபடி நிறுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, குழம்பில் போடும் ஒவ்வொன்றையும் போடுவதற்கு முன்பு நிறுத்துக்கொள்வது. அன்று தேங்காய் எண்ணெய் 40 கிராம், வெங்காயம் 200 கிராம், தக்காளி 250 கிராம், துருவிய தேங்காய் 80 கிராம், இஞ்சியும் பூண்டும் சேர்த்து 20 கிராம், மல்லித்தூளும் மிளகாய்த்தூளும் சேர்த்து 15 கிராம். தண்ணீர், உப்பு, மஞ்சள், கறிவேப்பிலை இவற்றை நான் நிறுப்பதில்லை.

கலோரியைப் பார்த்தால் எண்ணெய்க்கு 360, தேங்காய்க்கு 283, வெங்காயத்துக்கு 80, தக்காளிக்கு 45, தூள்களுக்கு 44, இஞ்சி பூண்டுக்கு 23. கூட்டினால் 835. இதில் எண்ணெயும் தேங்காயும் மட்டும் 640-ஐத் தாண்டுகின்றன. வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கினாலும் குழைய வதக்கினாலும் கணக்கு பெரிதாக அசையாது. அசைப்பவை இந்த இரண்டும்தான். அதனால் நேரமில்லாத நாளில் இந்த இரண்டை மட்டுமாவது நிறுத்துக்கொள்ளுங்கள், மற்றவற்றைக் கண்ணளவில் போட்டாலும் பரவாயில்லை. குழம்பு முழுவதிலும் கொழுப்பு 70 கிராம், புரதம் 10 கிராம், மாவுச்சத்து நார்ச்சத்தோடு சேர்த்து 54 கிராம்.

முட்டைகளைத் தனியே வேகவைத்து, உரித்து, கீறிக் குழம்பில் போட்டேன். ஆறு முட்டைகள். அவற்றை இந்த 835-இல் சேர்க்கவே கூடாது. முட்டையை எண்ணிப் பகிர்கிறோம், குழம்பைக் கரண்டியால் பகிர்கிறோம். இரண்டையும் கலந்து மொத்தமாக வகுத்தால், இரண்டு முட்டை சாப்பிட்டவரும் ஒரு முட்டை சாப்பிட்டவரும் ஒரே புரதம் எடுத்ததாக ஆகிவிடும்.

மூன்றாவது, குழம்பு தயாரானதும் அடுப்பை அணைத்து, முட்டைகளை ஒரு தட்டில் எடுத்து வைத்துவிட்டு, சட்டியை நிறுப்பது. தராசின் மேல் ஒரு மரப்பலகையை வைத்து எடையைச் சுழியாக்கிவிட்டு, அதன்மேல் சட்டியை வைத்தால் சூடு தராசைத் தாக்காது. 1,740 கிராம் காட்டியது. சட்டியின் 640-ஐக் கழித்தால் குழம்பு 1,100 கிராம். 835 கலோரி 1,100 கிராமில் பரவியிருக்கிறது. அப்படியானால் 100 கிராமுக்கு 76 கலோரி. ஊற்றிய தண்ணீர் எவ்வளவு, ஆவியாகிப் போனது எவ்வளவு என்று எதையும் யோசிக்க வேண்டியதில்லை. கடைசி எடையிலேயே அது அடங்கிவிட்டது.

நான்காவது, உங்கள் குழிக்கரண்டியை அறிந்துகொள்வது. ஒரு தட்டைத் தராசில் வைத்துச் சுழியாக்கி, ஒரு கரண்டி குழம்பை ஊற்றிப் பாருங்கள். எங்களுடையதில் 90 கிராம் பிடிக்கிறது. உங்களுடையது 60 ஆக இருக்கலாம், 120 ஆகவும் இருக்கலாம். அடுத்தவர் வீட்டுக் கரண்டிக் கணக்கு உங்களுக்கு உதவாது.

இனிப் பங்கு. தம்பி இரண்டு முட்டையும் இரண்டு கரண்டிக் குழம்பும் எடுத்தான். என் கணவர் இரண்டு முட்டை, மூன்று கரண்டி. எனக்கு ஒரு முட்டை, ஒரு கரண்டி. மகளுக்கு ஒரு முட்டை, அரைக் கரண்டி. தம்பியின் குழம்பு 180 கிராம், 137 கலோரி. கணவருடையது 270 கிராம், 205 கலோரி. எனக்கு 68, மகளுக்கு 34. சட்டியில் 515 கிராம் மிஞ்சியது, அதில் 391 கலோரி. நான்கால் வகுத்திருந்தால் ஆளுக்கு 209 என்று வந்திருக்கும். கணவருக்கு மட்டும் அது கிட்டத்தட்டப் பொருந்தும். மகளுக்கு ஆறு மடங்கு கூடுதலாகவும், தம்பிக்கு 72 கலோரி அதிகமாகவும் எழுதியிருப்போம். பாதிச் சட்டிக் குழம்பு மிஞ்சியிருப்பது கணக்கிலேயே தெரிந்திருக்காது.

தம்பி எடுத்த குழம்பின் 137-ஐக் கவனியுங்கள். அவன் தட்டில் இருந்த இரண்டு முட்டைகளும் அதே 137 கலோரிதான். ஆனால் முட்டைகளில் புரதம் 12 கிராம், குழம்பில் ஒன்றரைக் கிராம். தட்டு முழுவதற்கும் 274 கலோரி, புரதம் ஏறக்குறைய 13.5 கிராம், கொழுப்பு 20 கிராம். அதே இரண்டு முட்டை வேகவைத்ததாக 137, 5 கிராம் எண்ணெயில் ஆம்லெட்டாக 195, குழம்போடு 274. புரதம் மூன்றிலும் 12-க்கும் 14-க்கும் நடுவிலேயே நிற்கிறது. குழம்பைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மழை பெய்யும் மலை நாளில் சூடான முட்டைக் குழம்புக்கு ஈடு எதுவும் எனக்குத் தெரியாது. அதன் விலை என்ன என்று தெரிந்து ஊற்றிக்கொள்ள வேண்டும் என்பதே என் ஆசை.

கலோரி குறைய வேண்டும் என்றால் தேங்காயை விட்டு, எண்ணெயை 20 கிராமாகக் குறைத்து வையுங்கள். மொத்தம் 372 ஆகிவிடும். கடைசி எடை 1,000 கிராமாக வந்தால் 100 கிராமுக்கு 37. இரண்டு கரண்டிக்கு 67 கலோரிதான். புளிப்பு சற்றுத் தூக்கலாகத் தெரியும். தக்காளியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

மேலாகக் கோருவதும் அடியோடு கிளறுவதும்

100 கிராமுக்கு 76 என்ற எண், குழம்பு எங்கும் ஒரே சீராக இருந்தால்தான் உண்மை. எண்ணெய் பிரிந்து மேலே செந்நிறமாக மிதக்கும்போது, முதலில் கரண்டி விடுபவருக்கு எண்ணெய் அதிகம் போகும், அடியில் எடுப்பவருக்கு மசாலா விழுது போகும். இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை மலைக் குளிர் எனக்குக் கண்ணெதிரே காட்டிக் கொடுத்தது. ஒருமுறை கிளறாமல் மேலாகக் கோரிய குழம்பை ஒரு எவர்சில்வர் டம்ளரிலும், நன்றாக அடியோடு கிளறிய பின் எடுத்ததை இன்னொன்றிலும் ஊற்றி இரவு முழுவதும் ஜன்னலோரம் வைத்தேன். தேங்காய் எண்ணெயில் வைத்த குழம்பு என்பதால் காலையில் கொழுப்பு மேலே வெள்ளையாக உறைந்திருந்தது. மேலாகக் கோரிய டம்ளரில் விரல் நகத்தைவிடக் கனமான ஏடு. கிளறி எடுத்ததில் மெல்லிய படலம் மட்டுமே. கடலை எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ வைத்த குழம்பில் இப்படித் தெளிவாக உறையாது, ஆனால் நடப்பது அதேதான். எனவே பரிமாறும் ஒவ்வொரு முறையும் கரண்டியை அடி வரை விட்டு மூன்று சுற்றுக் கிளறிவிட்டு எடுங்கள். தட்டின் ஓரத்தில் சிவந்த எண்ணெய் வளையம் படர்ந்தால் கிளறியது போதவில்லை என்று அறிந்துகொள்ளலாம்.

மறுநாள் காலையில் மிஞ்சிய குழம்பின் மேல் நிற்கும் அந்த வெள்ளை ஏட்டைச் சிலர் கரண்டியால் எடுத்துவிடுவார்கள். எடுத்தால் அதையும் நிறுங்கள். அதில் கொஞ்சம் தண்ணீரும் மசாலாவும் ஒட்டியிருக்கும் என்பதால் கிராமுக்கு 9-க்குப் பதில் 8 என்று நான் கழிக்கிறேன். 14 கிராம் ஏடு எடுத்தால் 112 கலோரி குறைகிறது.

எடுக்காமல் அப்படியே சூடாக்கினால் வேறொன்று நடக்கும். எங்கள் 515 கிராம் குழம்பு காலையில் கொதித்து வற்றி 450 கிராம் ஆனது. கலோரி 391-இலிருந்து குறையவில்லை, தண்ணீர்தான் குறைந்தது. ஆகவே 100 கிராமுக்கு 76 இப்போது 87 ஆகிவிட்டது. நேற்று 68 கலோரியாக இருந்த ஒரு கரண்டி இன்று 78. தண்ணீர் சேர்த்து இளக்கினால் இதற்கு நேர்மாறாகப் போகும். சூடாக்கிய பிறகு சட்டியை ஒருமுறை நிறுத்து, 391-ஐப் புதிய எடையால் வகுத்துக்கொண்டால் போதும்.

உடைத்து ஊற்றிய குழம்பு

கடைசியாக, முட்டையை வேகவைக்காமல் கொதிக்கும் குழம்பிலேயே உடைத்து ஊற்றும் முறை. எங்கள் மாமியார் இப்படித்தான் வைப்பார். இங்கே மேலே சொன்ன பிரிப்பு செல்லாது. வெள்ளைக் கருவின் ஒரு பகுதி முட்டையோடு நிற்காமல் இழை இழையாகக் குழம்பில் கலந்துவிடும். முட்டையை எடுத்துவிட்டுக் குழம்பை மட்டும் நிறுத்தால் கலந்த வெள்ளைக் கரு குழம்பாகிவிடும். அதனால் இதில் மட்டும் முட்டையையும் குழம்பையும் ஒரே பொருளாகக் கருதி, எல்லாவற்றையும் சட்டியோடு நிறுங்கள்.

அதே மசாலாவில் ஆறு முட்டைகளை உடைத்து ஊற்றினால் 835-உடன் முட்டைகளின் 412 சேர்ந்து 1,247 கலோரி. எடை 1,100-உடன் 288 சேர்ந்து 1,388 கிராம். 100 கிராமுக்கு 90 கலோரி, புரதம் 3.3 கிராம். தட்டில் முட்டையும் குழம்புமாக 300 கிராம் விழுந்தால் 270 கலோரி, 10 கிராம் புரதம் என்று எழுதிக்கொள்ளலாம். முழு உருவத்தில் நின்ற இரண்டு முட்டைகளைத் தேடி எடுத்துக்கொண்டவருக்கு இந்தச் சராசரி புரதத்தைக் குறைத்துக் காட்டும், குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டவருக்குக் கூட்டிக் காட்டும். தம்பியைப் போலப் புரதத்தைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் அன்றைக்கு மட்டும் தங்கள் இரண்டு முட்டைகளைத் தனியே வேகவைத்துக்கொண்டு, மாமியாரின் குழம்பிலிருந்து ஒரு கரண்டி ஊற்றிக்கொள்வது நல்லது.